நெற்றியை அளந்து பொட்டு வைப்பது

அருப்புக்கோட்டை வளையல் கடைகளில் ஸ்டிக்கர் பொட்டு கேட்டால் கடைக்கார அம்மா முதலில் கேட்பது, "பெரிசா, பொடிசா?" என்றுதான். நிறத்தை அப்புறம் கேட்பார். வடிவத்தை நாமே அட்டையைப் புரட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வோம். நெற்றியில் எந்த இடத்தில் ஒட்டப்போகிறோம் என்ற பேச்சே அங்கே வராது. மணப்பெண் அலங்காரத்துக்குப் போகும் வீடுகளில் நான் பார்த்த வரை, பொட்டு எடுபடாமல் போவதற்கு முதல் காரணம் அந்த இடம்தான். இரண்டாவது அளவு. வடிவம் கடைசியில்தான் வருகிறது. இந்த அத்தியாயம் மூன்றையும் முகத்துக்கு முகம் பார்க்கும்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "எனக்கு நெத்தி பெரிசு" என்று சொல்கிற பெண்களில் இரண்டு வகை உண்டு. ஒருவருக்கு நெற்றி பக்கவாட்டில், ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து மறு நெற்றிப்பொட்டு வரை அகலம். இன்னொருவருக்கு அகலம் சாதாரணம்தான். முடி தொடங்கும் இடம் மேலே ஏறியிருக்கும். முன்னதை அகன்ற நெற்றி என்றும் பின்னதை ஏறு நெற்றி என்றும் சொல்லிக்கொள்வோம். அகன்ற நெற்றிக்கு நன்றாக இருக்கும் நீளத் திலகம் ஏறு நெற்றியில் வைத்தால் நெற்றியை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்திக் காட்டும். எது நமக்கு என்று தெரியாமல் அட்டை வாங்குவது வீண்செலவு.

கண்ணாடியில் வரைந்து பார்த்தல்

செல்போனில் கை நீட்டி எடுத்த படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவ்வளவு பக்கத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, முகத்தின் ஓரங்கள் ஒடுங்கித் தெரியும். ஒடுக்கம் இல்லாத முகமும் அதில் ஒடுக்கமாகிவிடும். நூலைப் பிடித்து அளப்பதும் நெற்றிக்குச் சரிவராது. நெற்றி வளைவானது, நூல் அந்த வளைவோடு போய் அகலத்தைக் கூட்டிச் சொல்லும்.

நம்பகமான வழி சுவரில் மாட்டிய கண்ணாடி. முடியை முழுக்கப் பின்னால் வாரிக் கட்டிக்கொண்டு, முகம் நேராகத் தெரியும்படி நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், காய்ந்த சோப்புத் துண்டால் கண்ணாடியின் மேலேயே புள்ளி வையுங்கள். முடி தொடங்கும் இடம், புருவ மட்டம், மூக்கின் அடி, தாடையின் நுனி என்று நடுவில் நான்கு புள்ளி. பிறகு இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும், கன்னத்து எலும்பு அதிகம் புடைத்திருக்கும் இரண்டு ஓரங்களிலும் புள்ளிகள். இப்போது விலகி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். கண்ணாடியின் மேல் விழும் உருவம் எப்போதும் முகத்தில் பாதி அளவுதான் இருக்கும், ஆகவே எண்கள் சிறிதாக வருகிறதே என்று பார்க்க வேண்டாம். நமக்கு வேண்டியது ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மட்டுமே.

மூன்று கேள்வி கேட்டால் போதும். முடியிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து தாடை என்ற மூன்று பங்கும் ஏறக்குறைய சமமா? மேல்பங்கு மற்ற இரண்டையும்விடத் தெளிவாக நீண்டிருந்தால் ஏறு நெற்றி. அடுத்து, நெற்றிப்பொட்டுகளுக்கு இடையிலான அகலம் கன்ன அகலத்தை எட்டுகிறதா? பொதுவாகக் கன்னம்தான் அகலமாக இருக்கும். நெற்றி அதைத் தொட்டாலோ மிஞ்சினாலோ அகன்ற நெற்றி. கடைசியாக, முடியிலிருந்து தாடை வரையான நீளம் கன்ன அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு வருகிறதா? வந்தால் ஒடுங்கிய முகம். இந்த ஒன்றரை மடங்கு என்பது சட்டம் கிடையாது, நான் வேலைக்கு வைத்திருக்கும் கைக்கணக்கு.

இன்னும் ஒரே ஒரு அளவு வேண்டும், இதை முகத்திலேயே எடுக்க வேண்டும். இரு புருவங்களின் உள்முனைகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர்? பலருக்கு இது 20-க்கும் 30-க்கும் இடையில் இருக்கும். பொட்டின் அகலம் இதில் மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். இடைவெளி 24 என்றால் பொட்டு 8 மில்லிமீட்டர். அகன்ற நெற்றிக்கும் ஏறு நெற்றிக்கும் ஐந்தில் இரண்டு பங்கு வரை போகலாம். அதற்கு மேல் போனால் பொட்டும் புருவமும் முட்டிக்கொண்டு, கோபமாக இருப்பதுபோல் முகம் தெரியும்.

பெரிய நெற்றி

அகன்ற நெற்றிக்காரர்கள் பொடிப்பொட்டை விரும்புவது ஏன் என்று எனக்குப் புரியும். நெற்றி பெரிது, அதில் கவனத்தை இழுக்க வேண்டாம் என்ற எண்ணம். நடப்பது நேர்மாறு. அருகில் இருப்பதை வைத்துத்தான் கண் ஒன்றின் பருமனை எடைபோடும். 3 மில்லிமீட்டர் புள்ளியைச் சுற்றி வெறும் தோல் இவ்வளவு இருக்கிறது என்றால், தோல்தான் பெரிதாகத் தெரியும். பொட்டு 9 அல்லது 10 மில்லிமீட்டர் ஆனதும் அந்த வெறுமை உடைகிறது. எங்கள் பக்கத்துப் பெரியம்மாக்கள் "மூளி நெத்தியா இருக்கு, கொஞ்சம் பெரிசா வை" என்று சொல்வது சம்பிரதாயத்துக்காக மட்டும் இல்லை. கண்ணுக்கும் அது சரி.

நெற்றி பக்கவாட்டில் அகலம், உயரம் சாதாரணம் என்றால் வடிவம் நெட்டாக இருக்கட்டும். அகலம் 6, நீளம் 11 அல்லது 12 என்று நெல் வடிவிலோ, மேலே கூர்ந்த துளி வடிவிலோ ஒன்று. நின்ற கோட்டைப் படுத்த கோட்டைவிட நீளமாகக் காண்பது கண்ணின் இயல்பு. நடுவில் ஒரு நின்ற வடிவம் இருந்தால் பார்வை மேலும் கீழும் போகும், பக்கவாட்டில் ஓடாது. இடம், புருவங்களின் உள்முனைகளைச் சேர்க்கும் கோட்டுக்குச் சற்று மேல். பொட்டின் அடிப்பகுதி அந்தக் கோட்டைத் தொட்டால் போதும்.

ஏறு நெற்றிக்கு வட்டமே நல்லது, நெட்டு வடிவம் வேண்டாம். இங்கே இடம்தான் வேலை செய்கிறது. பொட்டைப் புருவ நடுவிலேயே வைத்தால் மேலே முழு நெற்றியும் காலியாக நிற்கும். புருவத்துக்கும் முடிக்கும் உள்ள உயரத்தில் நாலில் ஒரு பங்கு மேலே ஏற்றி வையுங்கள். உயரம் 6 சென்டிமீட்டர் என்றால் பொட்டின் நடு, புருவ மட்டத்திலிருந்து 1.5 சென்டிமீட்டர் மேலே வரும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பொட்டு புருவத்தோடு உறவில்லாமல் தனியாக மிதக்கும். நீங்கள் பேசும்போது எதிரே இருப்பவர் கண்ணைவிட்டு நெற்றியைப் பார்க்கிறார் என்றால் ஏற்றம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

நெற்றி உயரமும் அகலமும் சேர்ந்தே இருந்தால் உயரத்துக்கு முதலிடம் கொடுங்கள். வட்டம், பெரிய அளவு, சற்று ஏற்றம். பாடகி உஷா உதுப் நெற்றியில் வங்காளத்துக் 'க' எழுத்து பதித்த அந்தப் பெரிய பொட்டைப் பார்த்துவிட்டு, எனக்கும் அதுபோல் வையுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. அவருக்கு அது பொருந்துவது பட்டுச்சேலை, தலைநிறையப் பூ, கைநிறைய வளையல் என்று மற்ற எல்லாமும் அதே அளவில் இருப்பதால். மில்லுக்கு ஷிப்டுக்குக் கிளம்பும்போது கட்டும் சேலையோடு அந்தப் பொட்டு தனியாகத்தான் நிற்கும்.

ஒடுங்கிய முகம்

ஒடுங்கிய முகத்தை நின்ற கோடுகள் இன்னும் இழுக்கும். நீளத் திலகம், மேலே கோடும் கீழே புள்ளியுமாக வரும் சீரியல் பொட்டு, பாம்பு வளைவுப் பொட்டு எல்லாம் இந்த முகத்துக்கு எதிரி. புருவ இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள வட்டம், புருவ மட்டத்திலேயே. கொஞ்சம் அலங்காரம் வேண்டும் என்றால் படுத்த பிறை வடிவம் நன்றாக இருக்கும். பொட்டு புருவ மட்டத்தில் இருக்கும்போது இடப்புருவம், பொட்டு, வலப்புருவம் மூன்றும் ஒரே படுத்த கோடாகக் கண்ணுக்குப் படும், முகம் அகலும். பொட்டை ஒரு சென்டிமீட்டர் ஏற்றினாலே அந்தக் கோடு முறிந்துவிடும்.

ஸ்டிக்கர் அட்டைகள் சொல்லாத ஒரு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கு இருக்கிறது. திருச்சுழியில் திருமேனிநாதரையும் துணைமாலையம்மனையும் கும்பிட்டுவிட்டு வருகிற பெண்கள் நெற்றியில் திருநீற்றுக் கீற்றும் குங்குமமும் சேர்ந்தே இருக்கும். கீற்று படுத்த கோடு. ஒடுங்கிய முகத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. பொட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் விட்டு, ஒற்றை மெல்லிய கீற்றாக, புருவங்களின் நடுப்பகுதி வரை இழுங்கள். அகன்ற நெற்றிக்காரர்கள் அதே கீற்றைப் பொட்டின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நெற்றி முழுக்க இழுத்தால் இருக்கும் அகலத்துக்கு அடிக்கோடு போட்டதுபோல் ஆகிவிடும்.

வகிட்டுக் குங்குமத்தையும் கணக்கில் சேருங்கள். நடு வகிடு, அதில் நீளமாகக் குங்குமம், கீழே பொட்டு, அதற்குக் கீழே மூக்கு எல்லாம் ஒரே நேர்கோடு. ஒடுங்கிய முகத்துக்கு வகிட்டுக் குங்குமம் தொடக்கத்தில் ஒரு தொட்டு வைத்தால் போதும். வகிட்டைக் கொஞ்சம் கோணலாக எடுத்தால் இன்னும் நல்லது. உண்மையைச் சொன்னால், எண்ணெய் தேய்த்துப் படியப் படிய வாரிய தலையோடு நிற்கும் ஒடுங்கிய முகத்துக்குப் பொட்டு மட்டும் செய்யக்கூடியது குறைவு. காதோரம் முடியைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு பொட்டைப் பாருங்கள்.

அக்காவும் தங்கையும்

இரண்டு முகங்களை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரே வீட்டு அக்கா, தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கைக்குக் கல்யாணம். அக்கா வழக்கமாக வைப்பது 3 மில்லிமீட்டர் கறுப்புப் புள்ளி. தங்கை எடுத்து வைத்திருப்பது 18 மில்லிமீட்டர் நீளமுள்ள கல் பதித்த திலகம்.

அக்காவின் உருவம் கண்ணாடியில் 8.8 சென்டிமீட்டர் நீளம், கன்னத்தில் 6.6 அகலம், நெற்றியிலும் 6.6. மூன்று பங்குகள் மேலிருந்து 3.4, 2.7, 2.7. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.33, எனவே ஒடுக்கம் இல்லை. நெற்றி ஏறியும் இருக்கிறது, அகன்றும் இருக்கிறது. புருவ இடைவெளி 27 மில்லிமீட்டர். ஐந்தில் இரண்டு பங்கு ஏறக்குறைய 11. உயரத்துக்கு முதலிடம் என்பதால் 11 மில்லிமீட்டர் வட்டம். நெற்றியின் நிஜ உயரம் 6.8 சென்டிமீட்டர், நாலில் ஒரு பங்கு 1.7. பொட்டின் நடு அந்த மட்டத்தில். கறுப்பு வேண்டாம், கறுத்த நிறம் தன் அளவைச் சுருக்கிக் காட்டும், மாநிறத் தோலில் கரைந்தும் போகும். நல்ல சிவப்போ, கொஞ்சம் வெளிறிய மெரூனோ வைக்கலாம்.

தங்கைக்கு நீளம் 9.3, கன்னம் 6.0, நெற்றி 5.4, மூன்று பங்கும் சமம். விகிதம் 1.55, ஒடுங்கிய முகம். புருவ இடைவெளி 21, ஆகவே 7 மில்லிமீட்டர் வட்டம், புருவ மட்டத்தில். மணப்பெண் என்பதால் நெற்றிச்சுட்டியும் வரும். அது நடு வகிட்டில் இறங்கும் நின்ற கோடு, அதைத் தவிர்க்க வழியில்லை. பதக்கம் படுத்த பிறை வடிவில் இருக்கும் சுட்டியாகப் பார்த்து எடுத்து, பதக்கத்தின் அடிக்கும் பொட்டுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டராவது தோல் தெரிய விட வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் சுட்டியும் பொட்டும் ஒன்றாகி, எந்தத் திலகத்தை வேண்டாம் என்று ஒதுக்கினோமோ அதுவே பெரிய உருவில் வந்து நிற்கும்.

"அக்கா, அப்ப நாம ரெண்டு பேரும் அட்டைய மாத்திக்குவமா?" என்று தங்கை கேட்கலாம். சரிவராது. திலகம் அக்காவின் ஏறு நெற்றியை இன்னும் ஏற்றும். கறுப்புப் புள்ளி தங்கையின் முகத்தில் புருவங்களைச் சேர்க்கிற அளவுக்குக் கண்ணில் படாது.

அட்டை, குங்குமம், வெயில்

ஸ்டிக்கர் அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பல அட்டைகளில் எண் கூடக்கூடப் பொட்டு சிறுத்துக்கொண்டே போகும், அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடைக்குப் போகும்போது பிள்ளைகளின் சின்ன ஸ்கேல் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

குங்குமம் வைப்பவர்களுக்கு வேறு சிக்கல். மோதிர விரலால் தொட்டு அழுத்தினால் பொட்டு விரல்நுனி அளவுக்கு, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வந்துவிடும். பெரிய நெற்றிக்கு அது தானாகவே சரி. ஒடுங்கிய முகத்துக்கு முதலில் பொட்டு மெழுகையோ வாசலினையோ தீக்குச்சியின் அடிமுனையால் வேண்டிய வட்டமாகத் தொட்டு வைத்து, அதன் மேல் குங்குமத்தை ஒற்றி, உதிரியைப் பஞ்சால் தட்டிவிடுங்கள். மெழுகு இருக்கும் இடத்தில் மட்டும் குங்குமம் நிற்கும். ஆடிக் காற்றில் மூக்கின் மேல் கொட்டாமல் இருக்கவும் இதுவே வழி. சாந்துப் பொட்டும் இப்படி நினைத்த அளவுக்கு வரையக்கூடியதுதான். ஜவ்வரிசியைக் கருக வறுத்துக் காய்ச்சிக் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைத்த சாந்து இன்னும் சில வீடுகளில் கைக்குழந்தைக்காக இருக்கும், அதையே பெரியவர்களும் வைக்கலாம்.

கரிசல் காட்டு வெயிலில் களையெடுப்பவர்கள் நாள் முழுக்கப் புருவத்தைச் சுருக்கித்தான் பார்க்கிறார்கள். புருவங்களுக்கு நடுவே தோல் மடிந்து மடிந்து விரியும். 10 மில்லிமீட்டர் ஸ்டிக்கரை அந்த மடிப்பின் மேல் ஒட்டினால் மதியத்துக்குள் ஓரம் எழும்பிவிடும். மடிப்பு முடியும் இடத்துக்கு அரை சென்டிமீட்டர் மேலே ஒட்டுங்கள், அல்லது வேலை நாட்களில் சிறிய அளவும் விசேஷ நாட்களில் சரியான அளவும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நூற்பாலைக்குள் வெயில் இல்லை, ஆனால் நூல் அறாமலிருக்க அங்கே ஈரப்பதத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். பசை அதிலும் இளகும், இளகிய ஓரத்தில் பஞ்சுத்தூசி வந்து ஒட்டும். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்த பழைய பொட்டுகளை எடுத்துத் திரும்ப வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தப் பொட்டு ஒரு ஷிப்டு தாங்காது.

அளவைக் கூட்டும்போது பசை படும் தோலின் பரப்பும் கூடுகிறது என்பதை மறக்கக் கூடாது. 5 மில்லிமீட்டர் பொட்டை 10 ஆக்கினால் பரப்பு நான்கு மடங்கு. சில ஸ்டிக்கர் பசைகளில் சேரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் சிலருடைய தோலின் நிறத்தையே அழித்து, பொட்டு வைத்த இடத்தில் வெள்ளைத் திட்டை உண்டாக்கும். முதலில் அரிப்பு வரலாம், சிலருக்கு அரிப்பே இல்லாமல் வெளுக்கும். இரவில் பொட்டை எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயால் பசையைத் துடைத்துக் கழுவிப் படுங்கள். அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிட வெளிறத் தொடங்கினால், அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டு ஒட்டிக்கொள்வதுதான் பலர் செய்வது. அதைச் செய்யாதீர்கள். ஸ்டிக்கரை அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புது அளவை வாங்கியதும் கண்ணாடிக்கு முன்னால் மூக்கு முட்ட நின்று பார்க்க வேண்டாம். நம்மை யாரும் அவ்வளவு பக்கத்தில் பார்ப்பதில்லை. வீட்டில் ஒருவரை இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கண் மட்டத்தில் போனைப் பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வாசல் வெளிச்சத்தில் ஒன்று, உள்ளே டியூப் லைட்டில் ஒன்று. பழைய பொட்டோடும் அதே இரண்டு படம். நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, புதியது பிடிக்கவில்லை என்றால் முதலில் இடத்தை அரை சென்டிமீட்டர் மாற்றிப் பாருங்கள். அட்டையை மாற்றுவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.